கழுத்துச் சுற்றளவை அளப்பது எப்படி: எடைக்கும் உறக்க மூச்சுத் தடைக்கும் ஒரே டேப், இரண்டு வாசிப்பு

சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரிப் பட்டறைகளிலும் ரிக் வண்டி நிற்கும் இடங்களிலும் மருத்துவ முகாம் போட்டால் சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறோம். கழுத்தை அளப்பவர்கள் குறைவு. அளப்பவர்களும் பெரும்பாலும் எண்ணை எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். ஓட்டுநர்களுக்கு இந்த அளவை எடுக்கப்போகும் செவிலியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் எழுதியது இது. வீட்டில் அளந்து பார்க்க நினைப்பவர்களும் இதே வரிசையில் போகலாம்.

இந்த எண் நோயைக் கண்டுபிடிப்பதில்லை. யாரை மேற்கொண்டு சோதிக்க வேண்டும் என்று பிரித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மடங்கக்கூடிய, ஆனால் இழுத்தால் நீளாத டேப் ஒன்று. பட்டறையில் கிடக்கும் ஸ்டீல் டேப் கழுத்தின் வளைவுக்கு ஒட்டி வராது. தையல்காரர் டேப் போதும், ஆனால் புதிதாக வாங்குங்கள். திருப்பூர்ப் பக்கம் கம்பெனிகளில் வருடக்கணக்கில் கழுத்தில் தொங்கிய டேப் இழுபட்டு நீண்டிருக்கும். நீண்ட டேப் அளவைக் குறைத்துக் காட்டும்.

வாங்கியதும் ஒரு ஸ்டீல் ஸ்கேலின் மேல் விரித்து 30 செ.மீ. சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். நுனியில் தகடு அடித்த இடத்தில் பூஜ்யம் எங்கே தொடங்குகிறது என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பல டேப்புகளில் ஒரு பக்கம் இஞ்சும் மறுபக்கம் செ.மீட்டரும் எதிரெதிர் முனைகளில் தொடங்கும். கூட்டத்தில் அவசரமாகத் திருப்பிப் பிடித்தால் 16 என்று எழுதிவிட்டு வந்துவிடுவீர்கள். 16 இஞ்ச் என்பது 40.6 செ.மீ. முகாமில் எல்லோரும் செ.மீட்டரிலேயே எழுதுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

டேப்பைத் தவிர பிரஷர் மெஷின், எடை மெஷின், உயரம் பார்க்கச் சுவரில் ஒட்டிய அளவுகோல், ஒரு நாற்காலி. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஓட்டுநர் தூங்கும்போது பக்கத்தில் இருக்கும் ஓர் ஆள். மனைவி முகாமுக்கு வந்திருக்க மாட்டார். கிளீனர் வந்திருப்பார். அதே கேபினில் படுக்கிற அவர் ஏன் தேவை என்பது ஏழாவது படியில் தெரியும்.

2. பிரஷரை முதலில் பாருங்கள்

பிரஷர் பார்க்க எப்படியும் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைக்க வேண்டும். அந்த நேரத்தில் தோள் தளர்ந்து கழுத்துத் தசையும் இளகிவிடும். நடந்து வந்து நின்றவுடனே டேப்பைப் போட்டால் ஆள் விறைப்பாக நிற்பார், கழுத்துத் தசை புடைத்திருக்கும்.

பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் இங்கேயே கேட்டு எழுதிவிடுங்கள். இன்றைய அளவு 126/80 என்று வந்தாலும், மாத்திரையின் தயவால் அது வந்திருந்தால் அவர் இரத்த அழுத்தம் உள்ளவர்தான். புதிதாக வருபவர்கள் அதிகம் கோட்டை விடும் இடம் இது. பின்னால் கணக்குப் போடும்போது 4 புள்ளி காணாமல் போய்விடும்.

3. கழுத்தில் இருப்பதை ஒதுக்குங்கள்

மேல்துண்டு, மாலை, சட்டையின் மேல் பட்டன் எல்லாம் விலக வேண்டும். சபரிமலைக்கோ பழனிக்கோ மாலை போட்டிருப்பவரைக் கழற்றச் சொல்லாதீர்கள். மாலையைக் கீழே இறக்கி மார்பில் கிடக்க விட்டு, அதற்கு மேலே தோலை ஒட்டி டேப்பைப் போட்டால் போதும்.

பெண்களுக்குத் தாலிக்கொடியும் அப்படித்தான். கழற்றச் சொன்னால் அதோடு எழுந்து போய்விடுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. கொடியைத் தோள்பக்கம் இறக்கிவிட்டு அதற்கு மேலே அளக்கலாம். கொண்டையும் ஜடையும் டேப்புக்குள் மாட்டாமல் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

4. இடத்தைத் தேடுங்கள்

முகாமில் வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்தப் படியில்தான் பிறக்கின்றன.

ஆளை நிமிர்ந்து உட்கார வையுங்கள், அல்லது நிற்க வையுங்கள். பார்வை நேர் எதிரே இருக்கட்டும். மோவாய் மேலே தூக்கினால் கழுத்து நீண்டு மெலியும். கீழே குனிந்தால் மடிப்பு விழுந்து பருக்கும். டேப்பைப் பார்க்கும் ஆசையில் எல்லோரும் குனிவார்கள். சுவரில் கண்மட்டத்தில் ஏதாவது ஒன்றைக் காட்டி அதையே பார்க்கச் சொல்லுங்கள்.

ஆண்களுக்குத் தொண்டையில் துருத்திக்கொண்டிருக்கும் குரல்வளை மேட்டை விரலால் தொட்டு, ஒரு முறை எச்சில் விழுங்கச் சொல்லுங்கள். மேடு ஏறி இறங்கும். அது நின்ற பிறகு அதற்குச் சற்றுக் கீழே விரலை இறக்கினால் சிறிய பள்ளம் ஒன்று தட்டுப்படும். டேப்பின் முன்பக்கம் அங்கே வர வேண்டும். மேட்டின் உச்சியில் போட்டால் எலும்புபோல் துருத்திய குருத்தெலும்பையும் சேர்த்து அளந்துவிடுவோம். பெண்களுக்கு மேடு வெளியே தெரியாது, விழுங்கும்போது நகர்வதை விரலால் உணர்ந்து அதே இடத்தைப் பிடிக்க வேண்டும்.

தையல் தெரிந்தவர்கள் இந்தப் படியில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். காலர் உட்காரும் இடம் கழுத்தின் அடிவாரம், தோளோடு சேரும் இடம். அங்கே சுற்றளவு எப்போதும் அதிகம். கை பழக்கத்தில் டேப் தானாக அங்கே இறங்கிவிடும்.

5. சுற்றி, தளர்த்தி, இரண்டு முறை

டேப்பைப் பின்பக்கமிருந்து கொண்டுவந்து முன்னால் சேருங்கள். கழுத்தின் நீளவாக்குக்கு அது செங்குத்தாக நிற்க வேண்டும். கழுத்து இயல்பாகவே சற்று முன்னோக்கிச் சாய்ந்திருப்பதால் பின்பக்கம் ஒரு நூல் மேலே நிற்பது சரிதான். தோளைப் பார்த்துச் சரிவது தவறு.

டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. எடுத்தபின் தோலில் கோடு விழுந்திருந்தால் இறுக்கிவிட்டீர்கள். காலருக்கு அளப்பதுபோல் விரல் விட்டு அளந்தால் ஒரு செ.மீட்டருக்கு மேல் சும்மா கூடிவிடும். அந்த ஒரு செ.மீ. ஒருவரை இந்தப் பட்டியலிலிருந்து அந்தப் பட்டியலுக்குத் தள்ளப் போதுமானது.

சாதாரணமாக மூச்சு விட்டு முடிக்கும் நேரத்தில் வாசியுங்கள். டேப்பை முழுதாக எடுத்துவிட்டு மறுபடி இடம் தேடிப் போட்டு இரண்டாவது முறை அளங்கள். அதே இடத்தில் வைத்தபடி இன்னொரு முறை படிப்பது இரண்டாவது அளவு ஆகாது. இரண்டுக்கும் அரை செ.மீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறை அளந்து, நெருங்கி வரும் இரண்டின் சராசரியை எழுதுங்கள்.

“டேப்பே வேண்டாமுங்க, என்ற சட்ட சைஸு நாப்பத்திரண்டு” என்பார்கள். அந்த எண்ணை எழுதாதீர்கள். ரெடிமேட் சட்டைக் காலரில் தளர்ச்சி சேர்த்தே தைத்திருக்கும். போதாததற்கு, தொப்பைக்குப் பட்டன் பூட்ட வேண்டும் என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குபவர்கள்தான் அதிகம்.

6. முதல் வாசிப்பு: எடை

இஸ்ரேலில் ஒரு குடும்ப மருத்துவமனையில் செய்து 2001இல் வெளியான ஆய்வு, ஆண்களுக்கு 37 செ.மீ., பெண்களுக்கு 34 செ.மீ. என்ற எல்லையைத் தந்தது. அதற்குக் கீழே இருந்தால் அதிக எடைக்கு வாய்ப்புக் குறைவு. அந்த அளவோ அதற்கு மேலோ இருந்தால் எடையையும் உயரத்தையும் பார்த்துக் கணக்கிட வேண்டும். ஆண்களுக்கு 39.5, பெண்களுக்கு 36.5 என்பது உடல் பருமனுக்கான எல்லை. ஆசிய நாடுகளில் பின்னர் வந்த எல்லைகள் எல்லாம் இதோடு அச்சாகப் பொருந்தவில்லை, ஒரு செ.மீ. அளவுக்கு மாறுகின்றன. அதனால் 36.8 வந்தவரை ‘தப்பித்தார்’ என்று அனுப்ப வேண்டாம்.

ஒரு நுணுக்கம். அந்த ஆய்வு உடல் நிறைக் குறியீடு 25ஐ அதிக எடையின் தொடக்கமாக வைத்தது. இந்தியர்களுக்கு 23இலிருந்தே அதிக எடை, 25இலிருந்து பருமன் என்று நம் மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே கழுத்து எல்லையைத் தாண்டாத நம் ஆட்களிலும் எடை கூடியவர்கள் இருப்பார்கள். எடை மெஷின் பக்கத்தில் இருக்கும்போது கழுத்தை மட்டும் நம்புவதற்குக் காரணம் இல்லை.

பிறகு எதற்குக் கழுத்து? இடுப்பை அளக்க விடாதவர்களும் கழுத்தை அளக்க விடுவார்கள். கறி விருந்து சாப்பிட்டு வந்தவரின் வயிறு மாறும், கழுத்து மாறாது. இந்த இரண்டு வசதிகள்தான். எடைக்காக மட்டும் என்றால் நான் இடுப்பைத்தான் அளப்பேன். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. என்ற இடுப்பு எல்லை நம்மவர்களுக்கென்றே வகுத்தது. கழுத்தின் மதிப்பு அடுத்த வாசிப்பில்தான் இருக்கிறது.

7. இரண்டாம் வாசிப்பு: உறக்கத்தில் மூச்சுத் தடை

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். மல்லாந்து படுத்தால் நாக்கும் பின்னால் சரியும். கழுத்தில் கொழுப்பு சேர்ந்திருந்தால் அது சுற்றிலும் இருந்து தொண்டையில் காற்று போகும் வழியை நெருக்கும். குறுகிய வழியில் காற்று போகும்போது தசை அதிர்வதுதான் குறட்டை. வழி முழுதாக மூடினால் சத்தமே நின்றுபோகும். இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், மூளை அரைகுறையாக விழித்துத் தொண்டையைத் திறக்கும், ஒரு பெரிய இழுப்போடு மூச்சு திரும்பும். இரவெல்லாம் இது நடந்தாலும் ஆளுக்குக் காலையில் எதுவும் நினைவிருக்காது. பகலில் ஸ்டீயரிங் பிடித்திருக்கும்போது கண் சொக்கும்.

இந்த வாசிப்புக்குக் கனடாவின் கால்கரி நகரைச் சேர்ந்த மருத்துவர் வார்ட் ஃப்ளெமன்ஸ் 2002இல் விவரித்த கூட்டல் கணக்கைப் பயன்படுத்துங்கள். கழுத்துச் சுற்றளவைச் செ.மீட்டரில் எழுதிக்கொண்டு,

இரத்த அழுத்தம் இருந்தால் 4 சேர்க்கவும்;
வழக்கமாகக் குறட்டை விடுபவர் என்றால் 3 சேர்க்கவும்;
பெரும்பாலான இரவுகளில் மூச்சு முட்டி எழுபவர் அல்லது திணறுபவர் என்றால் இன்னும் 3 சேர்க்கவும்.

கூட்டுத்தொகை 43க்குக் கீழ் என்றால் வாய்ப்புக் குறைவு. 43இலிருந்து 48 வரை இடைநிலை. 48க்கு மேல் என்றால் வாய்ப்பு அதிகம்.

கடைசி இரண்டு கேள்விகளை ஓட்டுநரிடம் மட்டும் கேட்டால் பதில் பெரும்பாலும் ‘இல்லை’தான். சிலர் மறைக்கிறார்கள், தெரிந்தால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்ற பயம். பலருக்கு உண்மையாகவே தெரியாது. அதனால்தான் கிளீனர். லாரி முதலாளியோ மேனேஜரோ பக்கத்தில் நிற்கும்போது கேட்காதீர்கள், மேஜையைத் தள்ளிப் போடுங்கள். “குறட்டை விடுவாரா?” என்று கேட்பதைவிட, “இவர் தூங்கும்போது சத்தம் நடுவில் நின்று போய், அப்புறம் திடீரென்று மூச்சு இழுத்துக் கேட்டிருக்கிறீர்களா?” என்று கேட்டால் தெளிவான பதில் வரும்.

40 செ.மீ. என்ற இன்னொரு எண்ணையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது டொராண்டோவில் ஃபிரான்சஸ் சங் குழுவினர் அறுவைச் சிகிச்சை நோயாளிகளுக்காக 2008இல் வெளியிட்ட எட்டுக் கேள்விப் பட்டியலில் வருவது. அதில் கழுத்து எட்டில் ஒரு கேள்வி மட்டுமே. அந்த 40ஐ இந்தக் கூட்டல் கணக்கோடு கலக்காதீர்கள். ஒரு முகாமில் ஒரே கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

8. இரண்டு பேரை வைத்துப் பார்ப்போம்

முகாமில் வரும் ஆட்களைப் போலவே இரண்டு பேர். முதலாமவர் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர், வயது 31. ஜிம்முக்குப் போகிறவர். கழுத்து 43.0. பிரஷர் இல்லை. ரிக்கில் கூடவே படுக்கும் பையன்களும் குறட்டை இல்லை என்கிறார்கள். கூட்டுத்தொகை 43.

இரண்டாமவர் சங்ககிரியிலிருந்து வட மாநிலங்களுக்கு லோடு ஏற்றிப் போகும் ஓட்டுநர், வயது 46. உயரம் 168 செ.மீ., எடை 78 கிலோ. குறியீடு 27.6. கழுத்து முதல் முறை 40.6, அடுத்த முறை 40.4. சராசரி 40.5. பிரஷர் 128/82, ஆனால் இரண்டு வருடமாக மாத்திரை.

“குறட்டையெல்லாம் இல்லீங்க, நல்லாத்தான் தூங்கறனுங்க” என்கிறார் அவர். கிளீனர் சிரிக்கிறார். “அண்ணன் படுத்தா கேபினே அதிருமுங்க. நடுவால சத்தமே நின்னுபோயிருமுங்க. எனக்கே பயமாயிருமுங்க. அப்பறம் எந்திரிச்சு உக்காந்து மூச்ச இழுப்பாருங்க. தெனமும் இப்படித்தானுங்க.”

40.5 + 4 + 3 + 3 = 50.5.

கழுத்தை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தியிருந்தால் ரிக்காரர்தான் முதலில் போயிருப்பார். கணக்கு முடிந்தபின் அவர் இடைநிலையின் கீழ்ப்படியில் நிற்கிறார். தசைக் கழுத்து என்பதால் பகல் தூக்கம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு, இல்லையென்றால் காத்திருக்கச் சொல்லலாம். ஓட்டுநர் 48ஐத் தாண்டி நிற்கிறார். கிளீனர் வராமல் இருந்திருந்தால் அவருக்கு 44.5தான் வந்திருக்கும். மாத்திரையைக் கேட்காமலும் விட்டிருந்தால் வெறும் 40.5, ‘வாய்ப்புக் குறைவு’ என்று சீட்டு எழுதி அனுப்பியிருப்போம்.

9. இந்த எண் ஏமாற்றும் இடங்கள்

தைராய்டு வீக்கம் இருந்தால் கழுத்து அளவு கொழுப்பைச் சொல்லாது. விழுங்கும்போது குரல்வளையோடு சேர்ந்து ஏறி இறங்கும் வீக்கம் தெரிந்தால் அளவை எழுதி, பக்கத்தில் வீக்கம் என்று குறித்து மருத்துவரிடம் அனுப்புங்கள். கணக்குப் போட வேண்டாம்.

பெண்களிடம் இந்தக் கணக்கு பலவீனமானது. எல்லைகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே, பெண்களின் கழுத்தோ இயல்பிலேயே சிறிது. 34.5 செ.மீ. கழுத்துள்ள ஒரு பெண்ணுக்குப் பிரஷரும் குறட்டையும் சேர்ந்தாலும் 41.5தான் வரும். அவர்களில் பலர் குறட்டையை முதலில் சொல்ல மாட்டார்கள். காலையில் தலைவலி, நாள் முழுக்க அசதி, இரவில் தூக்கமே வரவில்லை என்பார்கள். மாதவிலக்கு நின்ற பிறகு இந்த நோய் பெண்களிடம் கூடுகிறது. அந்த வயதில் இந்தக் குறைகளோடு வருபவரை எண் சிறிது என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

மெலிந்த கழுத்தும் உத்தரவாதம் இல்லை. கீழ்த்தாடை உள்ளடங்கியவர்களுக்கு நாக்குக்குப் பின்னால் இடமே குறைவு. ஆசியர்களிடம் பருமன் அதிகம் இல்லாமலே இந்த நோய் வருவதற்கு முக அமைப்பும் ஒரு காரணம். பக்கவாட்டிலிருந்து ஒரு பார்வை பாருங்கள், மோவாய் பின்வாங்கியிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்கு இந்த எல்லைகள் எதுவும் பொருந்தாது. அவர்களின் குறட்டைக்குப் பெரும்பாலும் டான்சிலும் அடினாய்டும் காரணம்.

10. அனுப்பும் சீட்டில் என்ன எழுதுவது

கழுத்து, எந்தெந்தப் புள்ளி ஏன் சேர்ந்தது, கூட்டுத்தொகை, எடை, உயரம், பிரஷர், மாத்திரையின் பெயர், யார் சொன்ன தகவல். ‘கிளீனர் பார்த்தது’ என்று எழுதினால் மருத்துவர் அதற்குத் தனி மதிப்புக் கொடுப்பார். கூட்டுத்தொகையை மட்டும் எழுதினால் எது கழுத்து, எது கூட்டல் என்று அவருக்குத் தெரியாது.

அனுப்ப வேண்டியது நுரையீரல் மருத்துவரிடம் அல்லது காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம். இரவு முழுக்க உடலில் கருவிகளைப் பொருத்திப் பார்க்கும் உறக்கச் சோதனைதான் நோயை உறுதி செய்யும். மூக்கில் குழாய், மார்பில் பட்டை, விரலில் ஆக்சிஜன் கிளிப் மாட்டி வீட்டிலேயே செய்யும் சிறிய வகையும் உண்டு. ஒரு மணி நேரத்தில் சராசரியாக எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்று அது சொல்லும். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30ஐத் தாண்டினால் கடுமை. எல்லா ஊரிலும் இந்த வசதி இல்லை, போன் செய்து கேட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

சோதனைத் தேதி வரும்வரை ஓட்டுநரிடம் சொல்ல வேண்டியவை சில உண்டு. தூக்கத்துக்காகக் குடிப்பது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். மருத்துவர் எழுதாத தூக்க மாத்திரையும் அப்படியே. மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது சிலருக்குக் கொஞ்சம் உதவும், ஆனால் சோதனைக்கு அது மாற்று இல்லை.

வண்டி ஓட்டும்போது கண் சொக்கியிருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். ‘ஆமாம்’ என்றால் கூட்டுத்தொகை எவ்வளவாக இருந்தாலும் சோதனை முடியும்வரை ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது, குறிப்பாக இரவு ஓட்டமும் தனி ஓட்டமும் வேண்டாம் என்று சொல்லி, சீட்டின் மேலே ‘அவசரம்’ என்று எழுதுங்கள். முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்பது அவருடைய கவலை, பேச ஆள் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சம்மதிக்காமல் சீட்டை வேறு யாரிடமும் காட்டாதீர்கள். ஒருவருடைய எண் வெளியே போனது தெரிந்தால், அடுத்த முகாமில் கிளீனர்கள் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.